சித்தப்பாவுக்கு வந்த ஆட்குறைப்புக் கடிதம்: இந்தக் கணக்கை அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

நூல்கண்டு:
வணக்கம். என் சித்தப்பா சிஎன்சி லேத் ஆபரேட்டர். வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஹெச்.ஆர். கூப்பிட்டு ஒரு கவர் கொடுத்திருக்காங்க. உள்ளே ரெண்டு தாள், ரெண்டுமே ஆங்கிலம். சித்தப்பா தமிழ் நல்லா படிப்பார், ஆங்கிலத்தில் மெஷின் மேல இருக்கிற வார்த்தைகள் மட்டும்தான் தெரியும். அதனால என்கிட்ட கொண்டு வந்தார்.

முதல் தாள் ஆட்குறைப்புக் கடிதம். ஆர்டர் குறைஞ்சதால அவர் லைனை மூடுறாங்களாம், 2026 ஜனவரி 31 மாலையோடு வேலை முடிஞ்சுது, நோட்டீஸ் சம்பளம் உட்பட எல்லாப் பாக்கியும் சேர்த்து 1,44,692 ரூபாய் 45 நாளுக்குள் வங்கியில் வரும்னு இருக்கு. அவ்வளவுதான், பிரிச்சுக் காட்டலை. கடிதத் தேதி ஜனவரி 30.

ரெண்டாவது தாளில் கையெழுத்து கேட்கிறாங்க. அதை நான் இன்னும் முழுசா படிக்கலை.

சித்தப்பா கேட்கிறது ஒரே கேள்வி: "இந்தப் பணம் எதுக்கெல்லாம்மா? சரியாத்தான் இருக்கா?" எனக்குத் தெரிஞ்சாத்தானே அவருக்குச் சொல்ல முடியும். தயவுசெய்து சொல்லுங்க.

---

சங்கத்துக்காரன்:
தங்கச்சி, முதல் வேலையா சொல்றேன், எதிலயும் கையெழுத்துப் போட விடாதீங்க. ரெண்டாவது, 100 பேருக்கு மேல இருக்கிற ஆலையில் அரசாங்க அனுமதி இல்லாம ஆளைக் குறைக்கவே முடியாது. மூணு மாச நோட்டீஸ் வேணும். இது செல்லாத கடிதம். கிழிச்சுப் போடுங்க. நான் 22 வருஷம் சங்கத்துல இருந்தவன்.

நஷ்டஈடு மொத்தச் சம்பளத்தை 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கி, அதை வருஷக் கணக்கால பெருக்கணும்.

---

மாடித்தோட்டம்:
நோட்டீஸ் பணம்னா நாமதானே கம்பெனிக்குக் கட்டணும்? என் பொண்ணு போன வருஷம் வேலை மாறினப்போ மூணு மாச நோட்டீஸ் இருக்க முடியலைன்னு ரெண்டு மாசச் சம்பளத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. உங்க சித்தப்பாகிட்டயும் பிடிச்சிருப்பாங்க, அதான் தொகை குறைவா இருக்கு.

---

பழைய_பேரோல்:
மாடித்தோட்டம் ஐயா, உங்க பொண்ணு விஷயம் வேற. அவங்களா வேலையை விட்டாங்க, ஒப்பந்தப்படி சொல்லிட்டுப் போக வேண்டிய காலத்தை முழுசா முடிக்கலை, அதனால அவங்க கொடுத்தாங்க. இங்கே போகச் சொல்றது கம்பெனி. ஒரு மாசம் முன்னாடி சொல்ல வேண்டியது கம்பெனியின் கடமை. முந்தின நாள் சொல்லிட்டு மறுநாள் அனுப்பினா அந்த ஒரு மாசத்துக்கு விலை கொடுக்கணும். யார் சொல்லாம விட்டாங்களோ அவங்க கட்டணும்னு வெச்சுக்கங்க, குழப்பம் வராது.

சங்கத்துக்காரர் அண்ணே, கிழிச்சுப் போடச் சொல்லாதீங்க. அந்தக் கடிதம்தான் அவங்ககிட்ட இருக்கிற பெரிய சாட்சி. அனுமதி விஷயத்தில் நீங்க சொல்ற 100 பழைய சட்டத்தின் கணக்கு. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தாச்சு. அதில் முன் அனுமதியும் மூணு மாச நோட்டீஸும் 300 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற ஆலைக்குத்தான்.

நூல்கண்டு, எனக்கு நாலு விஷயம் வேணும். வேலையில் சேர்ந்த தேதி, ஆலையில் எத்தனை பேர், கடைசி மூணு மாசச் சம்பளச் சீட்டில் வரிசையா என்னென்ன இருக்கு, லைனில் அவருக்குப் பின்னாடி சேர்ந்தவங்க யாராவது இன்னும் வேலையில் இருக்காங்களா. நான் 31 வருஷம் சம்பளப் பிரிவில் உட்கார்ந்தவன். இப்படி மொத்தமா ஒரு தொகை போட்ட கடிதங்களை நானே டைப் அடிச்சிருக்கேன், அதனால கொஞ்சம் வாசனை தெரியும்.

---

நூல்கண்டு:
நன்றி ஐயா. சேர்ந்த தேதி 2011 மே 23. ஆலையில் சுமார் 180 பேர். மூணு மாசமும் சம்பளம் ஒரே மாதிரி: அடிப்படைச் சம்பளம் 9,000, பஞ்சப்படி 5,500, வீட்டு வாடகைப்படி 5,000, பயணப்படி 2,000, வாஷிங் அலவன்ஸ் 500. மொத்தம் 22,000. ஓவர்டைம் கொஞ்ச மாசமாவே இல்லை.

அவருக்குப் பின்னாடி 2018-ல் வந்த ரெண்டு பேர் பக்கத்து லைனில் அதே மாதிரி மெஷின் ஓட்டுறாங்களாம். அவங்களுக்குக் கவர் வரலை.

---

பழைய_பேரோல்:
சரி. முதல்ல சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்றேன், அப்புறம் அந்த 1,44,692 எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம்.

கவரில் இருக்கிறது ஒரே பணம் இல்லை, மூணு பை. முதல் பை நோட்டீஸ் சம்பளம். "ஒரு மாசம் முன்னாடி சொல்லலை, அந்த மாசத்துக்கான கூலி இது." அவர் 2 வருஷம் வேலை செஞ்சிருந்தாலும் 30 வருஷம் செஞ்சிருந்தாலும் இது ஒரே மாசம்தான்.

ரெண்டாவது பை ஆட்குறைப்பு நஷ்டஈடு. அவர் தப்பு எதுவும் பண்ணாம வேலை போகுது, அதுக்கு ஈடு. செஞ்ச வருஷம் ஒவ்வொண்ணுக்கும் 15 நாள் சம்பளம். ஆறு மாசத்துக்கு மேல இருக்கிற துண்டும் ஒரு முழு வருஷம். அவர் 14 வருஷம் 8 மாசம், ஆகவே 15 வருஷம்.

மூணாவது பை கிராஜுவிட்டி. இது ஆட்குறைப்பால வர்றது இல்லை. நாளைக்கு அவரே விலகினாலும், ரிட்டயர் ஆனாலும் வர வேண்டிய பணம். அவர் ஏற்கெனவே சம்பாதிச்சு வெச்சது, கம்பெனி கையில் இருந்தது, அவ்வளவே. இதிலும் அந்த 8 மாசம் ஒரு வருஷமாகும்.

இப்போ கம்பெனிக் கணக்கு. பேப்பர் பேனா எடுத்துப் பத்து நிமிஷம் முட்டினேன், உடைஞ்சுது. அவங்க அடிப்படைச் சம்பளம் 9,000-ஐ மட்டும் எடுத்திருக்காங்க. வருஷம் 14-ன்னு வெச்சிருக்காங்க.

நோட்டீஸுக்கு 9,000. நஷ்டஈடு அரை மாசம் 4,500, அதை 14-ஆல் பெருக்கினா 63,000. கிராஜுவிட்டி 9,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி 14 வருஷம், 72,692. மூணையும் கூட்டிப் பாருங்க, ரூபாய் பிசகாம 1,44,692.

ரெண்டு இடத்தில் தப்பு. பஞ்சப்படி 5,500-ஐ விட்டுட்டாங்க. அது எந்தச் சட்டத்திலும் சம்பளத்தோட சேர்ந்ததுதான். 8 மாசத்தையும் முழுங்கிட்டாங்க. சரியான அடித்தளம் 14,500. அதை வெச்சா நோட்டீஸ் 14,500, நஷ்டஈடு 7,250-ஐ 15-ஆல் பெருக்கி 1,08,750, கிராஜுவிட்டி 1,25,481. கூட்டினா 2,48,731.

ஜனவரி மாசச் சம்பளம், மீதி லீவுக்கான பணம் இதில் சேராது, அது தனி. கடிதத்தில் "எல்லாப் பாக்கியும்"னு போட்டிருக்கிறதால அதையும் இந்தத் தொகைக்குள்ளேயே அடக்கப் பார்ப்பாங்க. கவனம்.

---

சங்கத்துக்காரன்:
300-னு மாத்தினது உண்மைதான், விசாரிச்சேன். ஒப்புக்கறேன். ஆனா பேரோல் ஐயா ரெண்டு இடத்தில் கம்பெனி பக்கம் பேசுறார். கிராஜுவிட்டிக்கு 26-ஆல வகுக்கிறவர் நஷ்டஈட்டுக்கு மட்டும் ஏன் மாசத்தைப் பாதியாக்குறார்? அதுவும் 26 தான். ஞாயிறு லீவு போக மாசத்துக்கு 26 நாள்தானே கூலி. அப்புறம் வீட்டு வாடகைப்படியை ஏன் விட்டுட்டார்? நாங்க 2009-ல பேசி வாங்கினப்போ வாடகைப்படியோட சேர்த்துத்தான் வாங்கினோம்.

---

பழைய_பேரோல்:
அண்ணே, நான் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, எந்தக் கம்பெனியும் எனக்குப் படி அளக்கலை :)

26 விஷயம். கிராஜுவிட்டிச் சட்டத்திலேயே 26-ஆல் வகுக்கணும்னு எழுதியிருக்கு. ஆட்குறைப்பில் அப்படி எழுதலை, "15 நாள் சராசரிச் சம்பளம்"னு மட்டும் இருக்கு. இதே சண்டை உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2007-ல் ஒரு பல்கலைக்கழக ஊழியர் வழக்கில், மாசச் சம்பளக்காரருக்கு 15 நாள்னா மாசத்தில் பாதி, கிராஜுவிட்டி சூத்திரத்தை இங்கே கொண்டு வராதீங்கன்னு சொல்லிட்டாங்க. 26-ஆல் வகுத்தா நஷ்டஈடும் 1,25,481 ஆகும், 16,731 ரூபாய் கூட வரும். கேட்க நல்லா இருக்கு. அந்த எண்ணோட போய் உட்கார்ந்தா ஹெச்.ஆர். அந்தத் தீர்ப்பை நீட்டுவார், அதோட நம்ம மத்தக் கணக்கும் சந்தேகமாயிடும்.

வாடகைப்படி விஷயத்தில் உங்க 2009 அனுபவம் சரி. பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் சம்பளம்னா வாடகைப்படியும் சேரும். புதுத் தொகுப்பில் அதை வெளியே எடுத்துட்டாங்க. அடிப்படை, பஞ்சப்படி உள்ளே. வாடகைப்படி, பயணப்படி, ஓவர்டைம் வெளியே. அப்படி வெளியே நிக்கிற படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல போனா, மிஞ்சினதைத் திரும்ப சம்பளத்தில் சேர்க்கணும்னு ஒரு கட்டுப்பாடு உண்டு. சித்தப்பாவுக்குப் படிகள் பாதியைத் தொடலை, அதனால அந்த உதவி கிடைக்கலை. மூணு மாசம் முன்னாடி, அக்டோபரில் கடிதம் வந்திருந்தா நஷ்டஈட்டு அடித்தளமே பெருசா இருந்திருக்கும். எனக்கும் இது நியாயமாப் படலை. ஆனா கணக்குப் போடுறவன் இருக்கிற சட்டத்தைத்தான் போடணும்.

---

ஸ்பேனர்:
நானும் கேட்டுக்கறேன். எனக்கும் போன மாசம் வேலை போச்சு, ஆட்குறைப்புதான். ரெண்டு வருஷக் குறித்த கால ஒப்பந்தம், டிசம்பர் 31-ல் முடிஞ்சுது, மறுபடி போடலை. எனக்கும் நோட்டீஸ் சம்பளம், 15 நாள் கணக்கு வருமா? ஹெச்.ஆர். சிரிக்கிறாங்க.

---

பழைய_பேரோல்:
தம்பி, ஒப்பந்தத்தில் எழுதின தேதியில் தானா முடிஞ்சா அதுக்கு ஆட்குறைப்புன்னு பேர் இல்லை. நோட்டீஸும் வராது, நஷ்டஈடும் வராது. நடுவில், உதாரணமா ஆகஸ்டில், ஆர்டர் இல்லைன்னு அனுப்பியிருந்தா பேச இடம் உண்டு. ஆனா கிராஜுவிட்டியை விடாதீங்க. மத்தவங்களுக்கு அஞ்சு வருஷம் வேணும், குறித்த கால ஆட்களுக்குப் புதுத் தொகுப்பில் ஒரு வருஷம் போதும். சிரிச்ச ஹெச்.ஆர்.கிட்ட அதைக் கேளுங்க.

---

ஸ்பேனர்:
இதை யாருமே சொல்லலை. நன்றிண்ணா. தனி இழை போடுறேன்.

---

நூல்கண்டு:
மூணு பை விஷயத்தைச் சித்தப்பாகிட்ட அப்படியே சொன்னேன். சித்தி மளிகை டப்பா மூணை எடுத்து வெச்சு, ஒவ்வொண்ணிலும் ஒரு சீட்டுப் போட்டாங்க. அதுக்கப்புறம்தான் சித்தப்பா கேள்வியே கேட்க ஆரம்பிச்சார். முதல் கேள்வி: "நான் அந்த நோட்டீஸ் மாசம் வேலை செய்யறேன்னு சொன்னா 22,000 வரும். செய்யாம போனா 14,500 தான். அப்போ எனக்கு நஷ்டம்தானே?" எனக்குப் பதில் தெரியலை.

ரெண்டாவது தாளையும் இன்னிக்கு வரிக்கு வரி படிச்சேன். "சொந்தக் காரணங்களுக்காக நானே விருப்பப்பட்டு வேலையிலிருந்து விலகுகிறேன், எனக்குச் சேர வேண்டியது முழுவதும் கிடைத்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை." தேதி போடுற இடம் காலியா இருக்கு. முதல் தாள் ஆட்குறைப்புன்னு சொல்லுது, ரெண்டாவது ராஜினாமான்னு சொல்லுது. இதில் கையெழுத்து வந்தாத்தான் பணம் போடுவாங்களாம்.

---

வக்கீல்_குமாஸ்தா:
இதுவரை படிச்சிட்டு மட்டும் இருந்தேன், ரெண்டாவது தாளைப் பார்த்ததும் எழுதறேன். தொழிலாளர் வழக்குகள் நடத்துற ஒரு அலுவலகத்தில் பதினெட்டு வருஷமா கட்டு கட்டறவன். நான் வக்கீல் இல்லை.

இந்த ரெண்டு தாளும் ஒரே கவரில் வர்றது வழக்கம்தான். ராஜினாமா செஞ்சவருக்கு ஆட்குறைப்பே நடக்கலைன்னு ஆயிடும். அப்போ முதல் பையும் ரெண்டாவது பையும் காலி, கிராஜுவிட்டி மட்டும் நிக்கும். கம்பெனி பிறகு "மீதியை மனசு வந்து கொடுத்தோம்"னு சொல்லிக்கலாம். தேதி காலியா விட்டிருக்கிறது ஜனவரி 30-க்கு முந்தின ஒரு நாளைப் போட்டுக்கறதுக்கு. "வற்புறுத்தி வாங்கினாங்க"ன்னு பிறகு நிரூபிக்கலாம், நிரூபிச்சவங்களும் உண்டு, ஆனா சாட்சிக் கூண்டில் அது நம்ம தலையில் விழற பாரம். கையெழுத்துப் போடாத தாளுக்கு அந்தப் பாரமே இல்லை.

அடுத்து 45 நாள். இங்கேதான் கம்பெனி பலமா சறுக்கியிருக்கு. நோட்டீஸ் கொடுக்கணும் இல்லை அதுக்குப் பதில் சம்பளம் கொடுக்கணும்; நஷ்டஈட்டை அனுப்பும்போதே கொடுக்கணும். ரெண்டும் ஆட்குறைப்புக்கு முன்நிபந்தனை. ஜனவரி 31-ல் வேலை முடிஞ்சுதுன்னா அன்னிக்கே பணம் கையில் இருக்கணும். பாக்கிச் சம்பளத்துக்கு ரெண்டு வேலை நாள்தான் அவகாசம். கிராஜுவிட்டிக்கு மட்டும் 30 நாள். "45 நாளுக்குள் மொத்தமா"ங்கிறது இந்த மூணில் எதுக்கும் பொருந்தாது.

அதனால ஆட்குறைப்பே செல்லாதுன்னு வாதாடலாம். ஆனா செல்லாதுன்னா உடனே மறுபடி மெஷின் முன்னாடி நிறுத்துவாங்கன்னு சித்தப்பாகிட்ட சொல்லிடாதீங்க. ஒரு காலத்தில் அப்படித்தான் உத்தரவு வரும். இப்போ பல வழக்குகளில் வேலைக்குப் பதில் ஒரு தொகையைத் தீர்ப்பாக்கி முடிக்கிறாங்க. அந்த லைனே இல்லைன்னா அதுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

---

சங்கத்துக்காரன்:
அப்போ பணத்தை வாங்கவே கூடாதுங்கறேன். வாங்கினா கேஸ் போச்சு.

---

வக்கீல்_குமாஸ்தா:
இல்லைங்க. வாங்கினதாலயே உரிமை போயிடாது, எப்படி வாங்கினோம்ங்கிறது முக்கியம். முழுத் திருப்தின்னு எழுதிக் கொடுத்து வாங்கினா தொந்தரவு. மறுப்போட வாங்கலாம். பிப்ரவரி மாச வாடகையும் பிள்ளை ஃபீஸும் வழக்கு முடியற வரைக்கும் காத்திருக்காது.

நூல்கண்டு, ஒரு பதில் கடிதம் தமிழிலேயே எழுதுங்க, போதும். ஜனவரி 30 தேதியிட்ட ஆட்குறைப்புக் கடிதம் பெற்றேன். தொகையைப் பிரித்துக் காட்டவில்லை. பஞ்சப்படியும் 15-ஆவது வருஷமும் விடுபட்டிருப்பதாகத் தெரிகிறது. நான் ராஜினாமா செய்யவில்லை. தரும் தொகையை என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்வேன். இவ்வளவுதான். ஸ்பீட் போஸ்ட்டில் பதிவும் ஒப்புகையும் சேர்த்து அனுப்பிட்டு, ரசீதைக் கடிதப் பிரதியோட குத்தி வையுங்க. வாட்ஸ்அப்பில் அனுப்பி ரெண்டு நீல டிக் வந்துதுன்னு இருக்காதீங்க, எங்க ஆபீஸில் அதுக்காக அழுதவங்க உண்டு.

ஒத்து வரலைன்னா தொழிலாளர் துறையில் சமரச அலுவலர்கிட்ட மனு. அதுக்கு வக்கீல் வேண்டாம். ஆனா ரெண்டு வருஷம் தாண்டினா அவர் கையில் எடுக்க முடியாது. பழைய சட்டத்தில் மூணு வருஷம் இருந்துதுன்னு யாராவது சொன்னா நம்பி உட்கார்ந்துடாதீங்க.

---

பழைய_பேரோல்:
சித்தப்பாவின் கேள்வி நல்ல கேள்வி, ஹெச்.ஆர். ட்ரெயினிங்கில் கூட யாரும் கேட்டதில்லை. நோட்டீஸ் காலத்தில் வேலை செஞ்சா மாசச் சம்பளம் படியோட முழுசா வரணும், அதில் சந்தேகமில்லை. வேலை வாங்காம பணம் கொடுத்து அனுப்பினா "அந்தக் காலத்துக்கான சம்பளம்"னு சட்டம் சொல்லுது. சம்பளம்ங்கிற வார்த்தைக்குப் புது அர்த்தம் போட்டா 14,500. "நான் மெஷின்ல நின்னிருந்தா 22,000 வந்திருக்கும், என்னை நிக்க விடாதது நீங்கதானே"ங்கிறது எதிர் வாதம். கம்பெனி சின்ன எண்ணைத்தான் எடுக்கும். நான் கணக்கில் 14,500 போட்டேன், ஆனா இந்த இடத்தில் எனக்கே ரெண்டு மனசு. 7,500 ரூபாய்க்காகத் தனியா சண்டை வேண்டாம், பேசும்போது கேட்டுப் பார்க்கலாம்.

ஒண்ணை விட்டுட்டேன். நாலாவதா ஒரு சின்னப் பை இருக்கு. புதுத் தொகுப்பில் மறுதிறன் பயிற்சி நிதின்னு ஒண்ணு. ஆட்குறைப்பான ஒவ்வொருத்தருக்கும் கம்பெனி கடைசிச் சம்பளத்தில் 15 நாள் அளவு அந்த நிதியில் கட்டணும், அது 45 நாளுக்குள் தொழிலாளி கணக்குக்கு வரணும். இவருக்கு 7,250. கடிதத்தில் இருக்கிற "45 நாள்" எங்கிருந்து வந்ததுன்னு இப்போ புரியுதா? இந்தச் சின்னப் பைக்கு இருக்கிற கெடுவை எடுத்து மொத்தத்துக்கும் ஒட்டிட்டாங்கன்னு என் ஊகம். இதையும் சேர்த்தா 2,55,981. கடிதத்தில் இருக்கிறதைவிட 1,11,289 அதிகம்.

---

சங்கத்துக்காரன்:
நான் சொன்னதில் பாதி பழசாப் போச்சு, சரி. ஆனா 2018 ஆட்களைப் பத்தி யாருமே பேசலையே. கடைசியா வந்தவங்கதான் முதல்ல போகணும். ஒரே வகை வேலைன்னா அதுதான் முறை, புதுத் தொகுப்பிலும் அது இருக்கு. 2011-ல் வந்தவரை அனுப்பிட்டு 2018-ல் வந்தவங்களை வெச்சிருக்காங்கன்னா காரணத்தை எழுத்தில் வெச்சிருக்கணும். பதில் கடிதத்தில் அந்த வரியைச் சேருங்க தங்கச்சி. பணக் கணக்கைவிட இதுக்குத்தான் கம்பெனி பயப்படும்.

---

வக்கீல்_குமாஸ்தா:
சங்கத்துக்காரர் சொல்றது சரி, நான் எழுதியிருக்கணும். ஒரு எச்சரிக்கை மட்டும். "அதே மாதிரி மெஷின்"னு சித்தப்பா சொல்றதும் "அதே வகைத் தொழிலாளர்"னு சட்டம் சொல்றதும் ஒண்ணா இல்லாமப் போகலாம். அவங்க பேர் கிரேடு 2, இவர் கிரேடு 1-னு பதிவேட்டில் இருந்தா கம்பெனி அதைப் பிடிச்சுக்கும். சம்பளச் சீட்டில் பதவின்னு என்ன போட்டிருக்குன்னு ரெண்டு பக்கமும் பாருங்க. இன்னொண்ணு, ஒரு வருஷத்துக்குள்ள அதே வேலைக்கு ஆள் எடுத்தா இவரைத்தான் முதல்ல கூப்பிடணும். லைன் மூடினாங்களா இல்லை பேர் மாத்தித் திறந்தாங்களான்னு கேட்டில் நிக்கிற நண்பர்கள் சொல்வாங்க.

---

மாடித்தோட்டம்:
நான் முதல்ல எழுதினதுக்கு மன்னிக்கணும். பொண்ணுகிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன், "அப்பா, அது நான் கொடுத்தது, இது அவங்க கொடுக்கறது"ன்னு சிரிச்சா.

---

நூல்கண்டு:
பத்து நாள் கழிச்சு எழுதறேன். பதில் கடிதத்தைச் சித்தப்பா தன் கையாலேயே எழுதினார். நான் சொன்னதை எழுதாம, அவர் புரிஞ்சுகிட்டபடி. "நான் விலகவில்லை, நீங்கள் அனுப்பினீர்கள்" என்பதுதான் முதல் வரி. ஒப்புகை வந்த மறுநாளே ஹெச்.ஆர். கூப்பிட்டாங்க. நானும் போனேன்.

கம்ப்யூட்டரில் அடிப்படைச் சம்பளக் கட்டத்தை மட்டும் எடுத்துட்டதா சொன்னாங்க. பஞ்சப்படியைச் சேர்க்கிறோம், 15 வருஷம் போடுறோம்னு ஒத்துக்கிட்டாங்க. நோட்டீஸ் 14,500-க்கு மேல பேசவே தயாரில்லை. மறுதிறன் நிதின்னதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாங்க, கணக்குப் பிரிவைக் கேட்டுச் சொல்றோம்னு எழுதி வெச்சிருக்காங்க. ராஜினாமாத் தாளைப் பத்திப் பேச்சே எடுக்கலை, நாங்களும் திருப்பித் தரலை. 2018 ஆட்களைப் பத்திக் கேட்டப்போ மட்டும் "அவங்க ட்ரெயினிங் வேற"ன்னு சொல்லி எழுந்துட்டாங்க. எழுத்தில் கொடுங்கன்னு கேட்டிருக்கோம்.

நோட்டீஸும் நஷ்டஈடும் சேர்த்து 1,23,250 நேத்து வங்கிக்கு வந்துடுச்சு. கிராஜுவிட்டி இன்னும் வரலை.

சீட்டில் பதவி "ஆபரேட்டர் சீனியர்"னு இருக்கு. அந்த ரெண்டு பேர் சீட்டைப் பார்க்க ஒரு பையன் சம்மதிச்சான், இன்னொருத்தன் பயப்படுறான்.

---

பழைய_பேரோல்:
1,23,250 சரியான எண். பாஸ்புக்கில் அந்த வரவுக்கு எதிரே என்ன குறிப்பு வந்திருக்குன்னு பாருங்க. "ஃபுல் அண்ட் ஃபைனல்"னு இருந்தா, இது நோட்டீஸும் நஷ்டஈடும் மட்டும், கிராஜுவிட்டி பாக்கி இருக்குன்னு இன்னிக்கே ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க. கிராஜுவிட்டிக்கு 30 நாள் மார்ச் 2-ல் முடியும், அதுக்கப்புறம் வட்டி.

---

நூல்கண்டு:
பார்த்தேன் ஐயா. அப்படித்தான் இருக்கு. சித்தப்பா எழுதிக்கிட்டிருக்கார்.